காத்திருப்புப் பட்டியலில் முதல் இரண்டு பெயர்கள்

தமிழ்ப்பள்ளிக்கு நான் இணையதளம் செய்து கொடுத்ததற்குக் காரணம் தமிழ்ப் பற்று என்று பலர் மேடையில் சொல்லியிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையான காரணம் வரிசையில் நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாததுதான்.

2005ஆம் வருடம். டல்லாஸுக்கு வடக்கே ஆலனில் நாங்கள் வீடு வாங்கிக் குடியேறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஐந்து. பக்கத்தில் ஒரு மிடில் ஸ்கூல் கட்டடத்தை ஞாயிறு பிற்பகல்களில் வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப்பள்ளி நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளைச் சேர்க்கப் போனோம். உணவுக்கூடத்தில் நீண்ட வரிசை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு தாள்கள். நான்கிலும் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், வீட்டு முகவரி. மூன்றாவது தாளில் கை வலித்தபோது முன்னால் நின்றவரிடம் சொன்னேன்:

"இதை ஆன்லைன்ல வச்சா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுமே."

முன்னால் நின்றவர் பிரின்சிபாலின் கணவர் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கும் முன் நடந்த கூட்டத்தில், பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக நிற்க, பெற்றோர்கள் சுவரோரம் சாய்ந்து நிற்க, பிரின்சிபால் ஒலிபெருக்கியில் அறிவித்தார். நம் பள்ளிக்கு இணையதளம் செய்து தருவதற்குப் புதிதாக வந்த ஒரு பெற்றோர் மனமுவந்து முன்வந்திருக்கிறார் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மனைவி என் விலாவில் இடித்த பிறகுதான் அது நான் என்று விளங்கியது.

பிரின்சிபால் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வார நாட்களில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரத்த மாதிரிகளோடு பழகியதாலோ என்னவோ, எதிலும் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும், தேதி போட்டிருக்க வேண்டும். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவரைவிடப் பெரியவர்கள் உட்பட.

முதல் இணையதளத்தை முழுக்கத் தமிழில் செய்தேன். வகுப்பு நேரம், பதிவு, பெற்றோருக்கான அறிவிப்புகள் என்று மூன்றே பக்கங்கள். என் கணினியில் அது லட்டு மாதிரி தெரிந்தது. வெளியிட்ட அரைமணி நேரத்தில் அக்காவின் போன்.

"தம்பி, நம்ம சைட்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போலங்க. ஒரே கட்டம் கட்டமா இருக்குது."

யாரும் ஹேக் செய்யவில்லை. அந்தக் காலத்து விண்டோஸில் இந்திய மொழிகள் தெரிய வேண்டுமானால் கன்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு பெட்டியில் டிக் அடித்து, விண்டோஸ் சிடியைப் போட வேண்டும். சிடி யாரிடமும் இல்லை. எப்படிச் செய்வது என்று விளக்கி ஓர் அறிவிப்பு எழுதினேன். அதைத் தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் ஆங்கிலத்தில் எழுதினேன். பிறகு வகுப்பு நேரத்தை ஆங்கிலத்தில் போட்டேன். பிறகு பதிவுப் படிவத்தை. தீபாவளிக்குள் பள்ளியின் பெயர் மட்டும்தான் தமிழில் மிஞ்சியது. அதுவும் எழுத்தாக அல்ல, படமாக. தமிழ்ப்பள்ளியின் இணையதளம் ஆங்கிலத்தில் இருப்பது வெட்கக்கேடு என்று கமிட்டியில் ஒருவர் எனக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ஆங்கிலத்தில்.

எந்த மொழியில் இருந்தாலும் யாரும் அதைப் படிக்கவில்லை என்பது வேறு விஷயம். பேருந்துகளுக்கான பாதையில் காரை நிறுத்தாதீர்கள், நொறுக்குத் தீனியில் வேர்க்கடலை வேண்டாம், வகுப்பறையில் அமெரிக்க ஆசிரியையின் மேசையைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று வாராவாரம் எழுதினேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போன் அடிக்கும்.

"பாஸ், நாளைக்கு கிளாஸ் இருக்குல்ல?"

"சைட்ல போட்டிருக்கேனே."

"அது தெரியும் பாஸ். சைட்டைத் திறந்து பாக்கணுமே, அதான் உங்களுக்கே அடிச்சிட்டேன்."

ஒரு வருடம் இப்படியே ஓடியது. அடுத்த கோடையில்தான் வில்லங்கம் வந்தது.

ஞாயிறு பிற்பகல்களில் கட்டடத்தைத் திறந்து மூட இனி ஆள் இல்லை என்று கட்டடம் தந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு, அல்லது சனி காலை அதே நேரம். இரண்டில் ஒன்று. கமிட்டி அக்காவின் வீட்டு ஹாலில் கூடியது. சனிக்கிழமை என்றதும் பரதநாட்டியம், நீச்சல், சாக்கர், கராத்தே என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஞாயிறு காலை என்றால் யாருக்கும் ஒன்றும் இல்லை என்பது போலப் பேச்சு போனது.

எனக்கு இருந்தது. ஞாயிறு பத்து மணிக்கு எங்கள் பிள்ளைகள் பள்ளிவாசலில் நடக்கும் சண்டே ஸ்கூலில் இருப்பார்கள். ஒரு மணி வரை குர்ஆன் ஓதல், தொழுகைப் பாடம். தமிழ்ப்பள்ளியில் எங்களைப் போல நான்கு முஸ்லிம் குடும்பங்கள். இதுவரை பிற்பகல் வகுப்பு என்பதால் அங்கிருந்து நேராக, காரிலேயே சாப்பிட்டுவிட்டு, இங்கே வந்துகொண்டிருந்தோம். அதை அந்த ஹாலில் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் எங்களுக்கு மட்டும் ஞாயிறு வேறு ஞாயிறு என்று சொல்ல ஏதோ கூச்சம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. வரிசையில் நின்றபோது அவ்வளவு தாராளமாகத் திறந்த வாய்.

"எதுக்குங்க சண்டை? சைட்ல ஓட்டு வச்சுடலாம். தம்பி ரெடி பண்ணிருவாப்ல" என்றார் அக்கா.

தம்பி ரெடி பண்ணினான். சனியா ஞாயிறா என்று இரண்டு வட்டங்கள், கீழே ஒரு பொத்தான். ஓட்டுப் போட்டதும் அந்தக் கணினியில் குக்கீ என்று ஒரு சின்ன அடையாளம் விழும். அது இருக்கும்வரை மறுபடி ஓட்டுப் போட முடியாது. கடவுச்சொல் எதுவும் வைக்கவில்லை. கடவுச்சொல் வைத்தால் மறந்துபோய் எனக்குத்தான் போன் அடிப்பார்கள்.

பள்ளியில் ஏறக்குறைய எண்பது குடும்பங்கள். ஓட்டு திறந்த மூன்றாம் நாள் முன்னூற்றுச் சொச்சம் ஓட்டுகள் விழுந்திருந்தன. ஜனநாயகத்தில் இவ்வளவு ஆர்வம் நான் பார்த்ததில்லை.

எந்த ஓட்டு எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று சர்வரில் பதிவாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகளில் பெரும்பங்கு ஒரே இணைப்பிலிருந்து வந்திருந்தது. எங்கள் ஊர் டெலிகாம் கம்பெனி ஒன்றின் அலுவலகம். அங்கே நம் பெற்றோர்கள் பலர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், சென்னைக்காரர், ஞாயிறு காலைக்காக மும்முரமாகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அந்த அலுவலகம் முழுவதும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரியும் என்பதால், பத்து பேர் ஆளுக்கோர் ஓட்டுப் போட்டார்களா, ஒருவர் பத்து பத்தாகப் போட்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை ஓட்டுகளைப் பார்த்தேன். அதிலும் ஓர் இணைப்பிலிருந்து பதினொரு ஓட்டுகள். எல்லாமே காலை பத்திலிருந்து பத்தரைக்குள். அந்த முகவரி எனக்கு மனப்பாடம். எங்கள் வீடு.

மனைவி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ எத்தனை தடவை ஓட்டுப் போட்டே?"

"ஒரு தடவைதான்." பிறகு திரும்பாமலே, "ஒரு நாளைக்கு" என்றாள்.

"எல்லாம் ஒரே நாள்ல இருக்கு."

"அப்ப ஒரு நாளைக்குப் பதினொண்ணு."

"குக்கீ எப்படிப் போச்சு?"

"போன மாசம் அந்த ஏர்லைன்ஸ் சைட் மக்கர் பண்ணுச்சே, அப்ப நீங்கதானே குக்கீயை அழிக்கச் சொல்லிக் குடுத்தீங்க." மீனைத் திருப்பிப் போட்டாள். "கூட்டத்துல வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் ஏன் இந்த வேலை பாக்கப் போறேன்?"

அவள் ஊரில் கணிதம் படித்தவள். கல்லூரியில் முதல் மதிப்பெண். அமெரிக்காவில் என் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் வேலை பார்க்க அவளுக்கு அனுமதி கிடையாது. அத்தனை மூளையும் எங்கள் வீட்டுப் பலசரக்குப் பட்டியலிலும் பிள்ளைகளின் வாய்ப்பாட்டிலும் செலவாகிக்கொண்டிருந்தது. பதினொரு ஓட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள். ஓட்டெடுப்பே செல்லாது என்று அறிவித்துவிட்டு ஏன் என்று விளக்குவது. விளக்கினால் எங்கள் வீட்டுப் பதினொன்றும் வெளியே வரும். அல்லது, ஓர் இணைப்புக்கு ஓர் ஓட்டு என்று நானே வடிகட்டிவிடுவது. வடிகட்டினேன். மனைவியின் பத்து ஓட்டுகள் போயின. டெலிகாம் அலுவலகத்தில் நியாயமாக ஓட்டுப் போட்டவர்களுடையதும் சேர்ந்து போயிருக்கும். அதையும் மீறி ஞாயிறு காலை தெளிவாக ஜெயித்தது. கள்ள ஓட்டு இரண்டு பக்கமும் வீண்.

அன்று மாலையே வகுப்பு நேரப் பக்கத்தைத் திருத்தினேன். "ஞாயிறு, காலை 10 முதல் 12 வரை." அதற்கு மேலே சிவப்பில், மின்னும் ஆங்கில எழுத்தில், "நேரம் மாறியுள்ளது கவனிக்கவும்." என் பிள்ளைகளை வெளியே அனுப்பும் அறிவிப்பை எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறேன் என்று கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் பதிவு தொடங்கியது. இந்த முறை படிவம் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடியது. இரண்டு வாரம் கழித்து அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, லிஸ்டைப் பாத்துட்டு இருக்கேனுங்க. உங்க குழந்தைங்க பேரே காணமே. ஃபார்ம்ல ஏதாச்சும் கோளாறா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம், "கோளாறு ஒண்ணும் இல்லக்கா. நாங்க பதியல" என்றேன்.

"ஏனுங்க?"

சொன்னேன். பள்ளிவாசல், ஞாயிறு பத்து மணி, எங்களோடு இன்னும் மூன்று குடும்பங்கள். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். மற்ற மூன்று பெயர்களையும் தேடுகிறார் என்று புரிந்தது.

"நாலு குடும்பமுமே இல்லீங்களே."

"ஆமாக்கா."

"மீட்டிங்ல என் எதிர்லதானே உக்காந்திருந்தீங்க? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே தம்பி." குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "நான் டீயெல்லாம் குடுத்தேன். சர்க்கரை போதுமான்னு கேட்டேன். இதை எனக்குக் கேக்கத் தோணலையே."

மனைவி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, எங்க நாலு வீட்டுப் புள்ளைங்களுக்கும் சனிக்கிழமை நானே சொல்லிக் குடுக்கலாம்னு இருக்கேன். பொது நூலகத்துல ரூம் தர்றாங்க. உங்க புஸ்தகத்தை மட்டும் குடுத்தீங்கன்னா போதும்."

எனக்கே அப்போதுதான் தெரியும். நூலகத்துக்குப் போய் அறைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"புஸ்தகம் மட்டும் எதுக்குங்க? நம்ம பள்ளிக்கூடத்துச் சனிக்கிழமைப் பிரிவுன்னே வச்சிரலாம். நீங்க டீச்சர். சம்பளம் யாருக்குமே கிடையாது, அதனால விசாவும் குறுக்க வராது. தம்பிகிட்ட சொல்லி சைட்ல போடச் சொல்லுங்க."

நூலக அறையின் கதவில் எத்தனை பேர் இருக்கலாம் என்று தீயணைப்புத் துறையின் அட்டை ஒட்டியிருந்தது. அதன்படி ஆசிரியை போகப் பன்னிரண்டு பிள்ளைகள். அக்கா அந்த அட்டையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, பன்னிரண்டுக்கு மேல் ஒருவர்கூடக் கூடாது என்றார். நான் பதிவுப் படிவத்தில் ஞாயிறு, சனி என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வைத்தேன். சனிக்குப் பன்னிரண்டு பெயர் சேர்ந்ததும் அடுத்து வருகிறவர்கள் தானாகக் காத்திருப்புப் பட்டியலுக்குப் போவார்கள். யாராவது விலகினால் பட்டியலில் முதலில் இருப்பவருக்குத் தானாக மின்னஞ்சல் போகும். சிபாரிசுக்கு இடமே இல்லை. அந்த நிரலை எழுதி முடித்தபோது எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

வகுப்பு நேரப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு வரி சேர்ந்தது. "சனி, காலை 10 முதல் 12 வரை, பொது நூலகம், மாடி." ஒரு வியாழக்கிழமை காலையில் அதை வெளியிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

நான் கணக்குப் போட்டது, நான்கு குடும்பம், ஏழு பிள்ளைகள், மீதி ஐந்து இடம் காலியாகக் கிடக்கும் என்று. மற்ற மூன்று குடும்பத்தினருக்கும் போன் செய்து சொல்லியும் விட்டேன். அவர்கள் அன்று மதியமே பதிந்துவிட்டார்கள், ஐந்து பிள்ளைகள். எங்கள் வீட்டில் நான் மனைவி பதிவாள் என்று நினைத்தேன். அவள், டீச்சரின் பிள்ளைகளை யார் பதியச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று படிவத்தைத் திறந்து இருவர் பெயரையும் போட்டேன். திரையில் பச்சை நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. அந்த ஆங்கில வாக்கியத்தை எழுதியவன் நான்தான்.

"நன்றி. உங்கள் குழந்தைகள் காத்திருப்புப் பட்டியலில் உள்ளனர். வரிசை எண்: 1, 2."

பன்னிரண்டும் நிரம்பிவிட்டிருந்தது. மீதி ஏழு இடத்துக்கும் ஞாயிறுக்கு ஓட்டுப் போட்ட குடும்பங்கள்தான் மாறியிருந்தன. முதல் பெயர், டெலிகாம் அலுவலகச் சென்னைக்காரரின் மகன். அவருக்கே போன் அடித்தேன்.

"பாஸ், சண்டே மார்னிங்குக்கு நீங்கதானே அவ்வளவு பேசுனீங்க?"

"ஆமா பாஸ். ஸ்கூலுக்கு அதான் நல்லது. மெஜாரிட்டி வருவாங்க. ஆனா நமக்கு சண்டே பத்து மணிக்கு கிரிக்கெட் லீக் இருக்கு. அதோட லைப்ரரி நம்ம வீட்டுலேர்ந்து அஞ்சு நிமிஷம். ஆமா, டீச்சர் யாரு பாஸ், நல்லா சொல்லித் தருவாங்களா?"

"நல்லா சொல்லித் தருவாங்க" என்றேன்.

மனைவியிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"நான் ஊரான் புள்ளைக்கெல்லாம் ஆனா ஆவன்னா சொல்லிக் குடுப்பேன், என் புள்ளைங்க வெளிய நிக்கணுமா? உங்க டேட்டாபேஸ்தானே. உள்ள போய் மாத்துங்க."

மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் மாற்றினால், பதிந்துவிட்ட பன்னிரண்டில் இரண்டு பேரைக் கீழே தள்ள வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்னால் அவளுடைய பத்து ஓட்டுகளை நியாயவானாக அழித்தவன் நான். அதை அவளும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அக்காவிடம் கேட்டேன், கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்திருந்தும்.

"டீச்சர் குழந்தைங்களுக்குச் சலுகை குடுக்கறது தப்பில்லீங்க. ஆனா கதவுல பன்னெண்டுன்னுல்ல போட்டிருக்குது?"

அப்படியாகத்தான் செப்டம்பர் மாதத்தின் முதல் இரண்டு சனிக்கிழமைகளில், மாடியில் என் மனைவி பன்னிரண்டு பிள்ளைகளுக்கு உயிரெழுத்து நடத்திக்கொண்டிருக்க, அந்த வகுப்பு உண்டானதற்கே காரணமான எங்கள் பிள்ளைகள் கீழே குழந்தைகள் பகுதியில் என்னோடு உட்கார்ந்து ஆங்கிலக் காமிக்ஸ் படித்தார்கள். மகனுக்கு அது சொர்க்கம். மகள் மட்டும் முதல் வாரம் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாப்பா, ஒய் கேன்ட் வி கோ அப்?"

"இடம் இல்லடா."

"பட் இட்ஸ் உம்மாஸ் கிளாஸ்."

விளக்கினேன். பட்டியல், வரிசை, விதி, எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

"ஹூ மேட் த ரூல்?"

"நான்தான்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். பரிதாபம் இருந்தது. புத்தகத்துக்குள் போய்விட்டாள். நான் மாடியிலிருந்து கேட்கும் கூட்டுக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுநடுவே மனைவியின் குரல் மட்டும் தனியாக உயர்ந்து அடங்கும். அவள் அப்படி உரக்கப் பேசிக் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அவளுக்கு அந்தக் குரல் தேவைப்படுவதில்லை. எனக்கு ஏதோ ஒரு குற்றவுணர்ச்சி, எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியாமல், அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால்கள் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, சாக்கர் பருவம் தொடங்கியதால் இரண்டு பிள்ளைகள் விலகிக்கொண்டார்கள். அலுவலகத்தில் இருந்தபோது எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள பெற்றோருக்கு, தாங்கள் காத்திருந்த வகுப்பில் இடம் கிடைத்துள்ளது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் உறுதி செய்யவும்." நான் எழுதி நானே அனுப்பி நானே பெற்ற கடிதம். நாற்பது விநாடிகளில் உறுதி செய்தேன்.

மகனிடம் சொன்னபோது, "டூ வி ஹேவ் டு?" என்றான். மகள் போய்ப் பையை எடுத்து வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை அறைக்குள் நுழையும் முன் மனைவி இருவரையும் நிறுத்திக் கண்டிப்பாகச் சொன்னாள். உள்ளே நான் உம்மா இல்லை, டீச்சர். மற்றப் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் கிடையாது. இருவரும் தலையை ஆட்டினார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மகன் கையைத் தூக்கிக்கொண்டு, "உம்மா! உம்மா! பாத்ரூம்!" என்று கத்தினான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. மகளும் ஐயம் கேட்கும்போதெல்லாம் உம்மா என்றுதான் தொடங்கினாள். எங்கள் நான்கு வீட்டுப் பிள்ளைகள் போக மற்றவர்கள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்குத் தமிழில் உம்மா என்றுதான் சொல்ல வேண்டும்போல என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். தமிழ் வகுப்பில் அவர்கள் தாமாகக் கற்றுக்கொண்ட முதல் சொல் அது. வகுப்பு முடிவதற்குள் அறை முழுவதும் உம்மா, உம்மா என்று ஒரே சத்தம்.

திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்காவின் போன்.

"தம்பி, ஒரு அம்மா கூப்பிட்டாங்க. அவங்க பொண்ணு வீட்டுக்கு வந்து, உம்மா நல்லா இருந்துச்சு, உம்மா எனக்கு ஸ்டிக்கர் குடுத்தாங்கன்னு சொல்லுதாமா. வகுப்புல யாரு முத்தம் குடுக்கறாங்கன்னு கேக்கறாங்க. என்னங்க நடக்குது அங்க?"

எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் உம்மா என்றால் அம்மா. மற்றவர்கள் வீட்டில் உம்மா என்றால் கன்னத்தில் வைப்பது. ஒரே மொழிதான். விளக்கினேன். அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. பரிசோதனைக் கூடத்திலிருந்து பேசுகிறார் என்று நினைக்கிறேன், பின்னால் யாரோ என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

"பெத்தவங்க எல்லாத்துக்கும் நானே போன்ல சொல்லிர்றேனுங்க" என்றார். "டீச்சர்கிட்டக் குடுங்க."

மனைவியிடம் கொடுத்தேன். பிள்ளைகளை மிஸ் என்று கூப்பிடச் சொல்லவா, டீச்சர் என்று பழக்கவா என்று அக்கா கேட்டிருக்க வேண்டும். வாசலில் பிள்ளைகளின் சைக்கிள்கள் குறுக்கே கிடந்தன. அவள் காலால் ஒன்றை ஒதுக்கிவிட்டாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "இந்த ஊர்ல எல்லாப் புள்ளையும் என்னை ஆன்ட்டின்னு கூப்பிடுது. அதுக்கு இது எவ்வளவோ மேல்."

அந்தப் பிரிவை அவள் மூன்று வருடம் நடத்தினாள். அறை ஒன்று இரண்டானது. கிரீன் கார்டு வந்த பிறகு ஓர் எலிமென்டரி ஸ்கூலில் கணக்குக்கு உதவி ஆசிரியையாகச் சேர்ந்தாள். அங்கே பிள்ளைகள் அவளை எங்கள் குடும்பப் பெயரைத் தப்பாக உச்சரித்து மிஸஸ் என்று சேர்த்துக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமைகளில் மட்டும், கொங்கு நாட்டுப் பிள்ளைகளும் நெல்லைப் பிள்ளைகளும் சென்னைப் பிள்ளைகளும் நூலகத்து மாடிப்படியில் அவளைப் பார்த்ததும் உம்மா என்று கத்திக்கொண்டு மேலே ஓடுவார்கள். நூலகர் ஒவ்வொரு வாரமும் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவார். ஒரு வாரமும் பலித்ததில்லை.